பெடியனின் வேலை பற்றிக் கேட்டாயே, என் கொப்பிக் கணக்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் போன் கத்தும், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவேன். இன்றைக்கு பைக் கராஜில் நிற்கிறது, செயின் மாற்றுகிறார்கள், அதனால் தப்பவில்லை.

நீ கேட்டது ஒரே கேள்வி. உன் பெடியன் மாதம் 45,000 சம்பளத்தில் கடைக் கணக்கு எழுதுகிறான், அவனுடைய கூட்டாளி சாப்பாடு டெலிவரி ஓடி மாதம் 70,000 எடுக்கிறானாம், அதனால் வேலையை விடப் போகிறேன் என்று நிற்கிறான், என்ன சொல்லுவது. கூட்டாளி பொய் சொல்லவில்லை மச்சான். நானும் டெலிவரி ஓடி போன ஜூலையில் 71,760 எடுத்தேன். ஆனால் அது சம்பளம் இல்லை, அது மொத்த வரவு. நிலாவெளி ஹோட்டலில் ஒன்பது வருடம் ஸ்ரோரில் இருந்தவன் நான், சாமான் உள்ளே வந்ததை இலாபம் என்று எழுதும் ஆளை ஒரு நாளும் கணக்கில் இருத்த மாட்டேன். அந்தப் பழக்கத்தில்தான் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். மனைவி சிரிப்பாள், சிரிக்கட்டும்.

ஜூலைக் கணக்கைச் சொல்லுகிறேன். 26 நாள் ஓடினேன், காலை 11 மணிக்கு செயலியைத் திறந்தால் இரவு 10க்கு மூடுவேன். நாளைக்குச் சராசரி 12 ஓடர், ஓடருக்குச் சராசரி 230 ரூபாய். செயலிக்காரர் காசு தருவது கடையிலிருந்து வாடிக்கையாளர் வீடு வரைக்கும் உள்ள தூரத்துக்கு. நான் ஓடுவது அது மட்டும் இல்லை. இங்கே திருகோணமலையில் அனுராதபுரச் சந்தியில் நிற்கும்போது உட்துறைமுக வீதிக் கடை ஒன்றில் ஓடர் விழும், அங்கே வெறுமையாகப் போக வேண்டும், சாப்பாட்டை எடுத்து உப்புவெளிக்குக் கொண்டுபோக வேண்டும், திரும்பி மறுபடியும் வெறுமையாக டவுனுக்கு வர வேண்டும். காசு தந்த தூரம் நாலைந்து கிலோமீற்றர் என்றால் மீற்றர் காட்டுவது ஒன்பது. 12 ஓடருக்கு 108 கிலோமீற்றர். என் பைக் லீற்றருக்கு 45 ஓடும், ஆக நாளைக்கு 2.4 லீற்றர், லீற்றர் 300 என்று போட்டால் 720 ரூபாய், மாதத்துக்கு 18,720. ஒயில் மாற்ற 3,500. ரயர், செயின், பிரேக் எல்லாம் ஒரே நாளில் தேயாது, அதனால் யாரும் எழுதுவதில்லை, நான் மாதத்துக்கு 3,000 ஒதுக்குகிறேன் (இன்றைக்கு கராஜ்காரன் சொல்லும் கணக்கைப் பார்த்தால் அதுவும் காணாது). போன் டேட்டா 1,500. எல்லாம் கழித்தால் மிச்சம் 45,040. பைக்கின் லீசிங் கட்டுப்பணத்தை இதில் சேர்க்கவில்லை, உன் மகனிடம் பைக் இருக்கிறபடியால்.

சரி, அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானே என்பான். இல்லை. அவன் சம்பளத்தில் 8 வீதம், 3,600 ரூபாய், ஊழியர் சேமலாப நிதிக்கு வெட்டுகிறார்கள் என்று புறுபுறுக்கிறானாம். அதற்கு மேலே முதலாளி தன் பையிலிருந்து 12 வீதம் போடுகிறான், அது 5,400. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம், 1,350. கடையில் பதினைந்து பேருக்கு மேலே வேலை என்று எழுதியிருந்தாய், அப்படியென்றால் ஐந்து வருடம் நின்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரும், மாதக் கணக்கில் பிரித்தால் அது 1,875. எல்லாம் கூட்டினால் அவன் வேலையின் பெறுமதி 53,625. கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வைத்தால் மாதம் 195. மணிக்கு 275 ரூபாய். நான் ஜூலையில் செயலியைத் திறந்து வைத்திருந்தது 286 மணித்தியாலம். மணிக்கு 157. அவனுக்கு வருடத்துக்கு 14 நாள் ஆண்டு லீவும் 7 நாள் சமயோசித லீவும் காசோடு இருக்கிறது, அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பணிக்கொடை சின்னக் காசு என்று நினைக்காதே. ஹோட்டல் என்னை நிறுத்தியபோது கையில் வந்தது அதுதான், அதைக் கொடுத்துத்தான் இந்த பைக்குக்கு முன்பணம் கட்டினேன். இப்போது இந்த வேலை நின்றால் கையில் வருவது மழைக்கோட்டும் அந்தச் சதுரப் பையும்தான், அதுகூட என் காசில் வாங்கியது.

ஆனால் மச்சான், உண்மையில் நான் சொல்ல வந்தது இந்த வித்தியாசத்தைக்கூட இல்லை. அந்த 286 மணித்தியாலத்தில் சாப்பாட்டோடு பைக்கில் இருந்தது எவ்வளவு என்று பார்த்தேன். ஓடருக்கு அரை மணி என்று தாராளமாகவே போட்டாலும் நாளைக்கு ஆறு மணித்தியாலம்தான். மிச்சம் ஐந்தும் காத்திருப்பு. பின்னேரம் மூன்று மணிக்கு, கச்சான் காற்று முகத்தில் அடுப்பு மாதிரி அடிக்க, சந்தியில் வாகை மரத்துக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டு நிற்பது. வெள்ளிக்கிழமை இரவில் கொத்துக் கடை வாசலில் நாற்பது நிமிடம் நிற்பது. ஸ்ரோரில் இருந்தபோதும் காத்திருந்தோம்தானே, மீன் லொறி வராமல் காலை முழுக்கக் கதிரையில் இருந்து பேப்பர் படித்திருக்கிறேன். அந்த நேரத்துக்கும் சம்பளம் விழுந்தது. லொறி பிந்தினால் நட்டம் ஹோட்டலுக்கு. இப்போது கொத்து பிந்தினால் நட்டம் எனக்கு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கே ஒரு வருடம் கழித்துத்தான் விளங்கியது. காத்திருக்கிறவனுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்றால் எத்தனை பேரையும் காக்க வைக்கலாம். ஸ்ரோருக்குப் பத்தாவது ஆளை எடுப்பதென்றால் மனேஜர் மூன்று தரம் யோசிப்பார், ஏனென்றால் பத்தாவது சம்பளம். செயலிக்குப் பத்தாவது ஆளும் ஐம்பதாவது ஆளும் ஒன்றுதான், ஆள் கூடக்கூட ஓடர் கெதியாகப் போகும், வாடிக்கையாளருக்குச் சந்தோசம். நான் தொடங்கிய காலத்தில் சந்தியில் ஏழெட்டுப் பேர்தான், நாளைக்கு 18 ஓடர் வரை விழும். இப்போது எண்ணினால் இருபதுக்கு மேலே. ஓடருக்குத் தரும் காசை ஒரு சதமும் குறைக்கவில்லை, ஆனபடியால் யாரோடும் சண்டை பிடிக்கவும் ஏலாது. என் 18 சத்தமில்லாமல் 12 ஆகிவிட்டது. உன் மகன் தன் கூட்டாளியிடம் ‘ஓடருக்கு எவ்வளவு’ என்று கேட்கக்கூடாது, ‘ஒரு ஓடருக்கும் அடுத்த ஓடருக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நிற்கிறாய், போன வருடம் எவ்வளவு நின்றாய்’ என்று கேட்க வேண்டும்.

கரைவலைக்காரரும் பங்குக்குத்தானே இழுக்கிறார்கள், மீன் பட்டால் காசு, படாவிட்டால் இல்லை, இதில் என்ன புதுமை என்று என் மாமா கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் சம்மாட்டி அதே கரையில் நிற்கிறான், வலையில் மீன் இல்லாவிட்டால் அவனுக்கும் இல்லை. தொழில் இல்லாத காலத்தில் முற்பணம் கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது தருவான். எனக்கு யாரிடம் கேட்பது என்றே தெரியாது. ஒரு நாள் நிலாவெளிப் பக்கம் ஒரு ஓடர், ஆள் போன் எடுக்கவில்லை, ஒழுங்கைக்குள் இருபது நிமிடம் நின்றேன், செயலியில் உதவி என்ற இடத்தில் எழுதினேன், எழுதி வைத்த பதில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் சாப்பாட்டுக் காசை என் கணக்கில் கழித்துவிட்டார்கள். அந்த இரவு நாங்கள் வீட்டில் சாப்பிட்டது யாரோ ஒருவனின் நண்டுக் கறி, என் வாழ்க்கையில் சாப்பிட்ட விலை கூடிய நண்டு.

இங்கிலாந்தில் இந்தக் காத்திருப்பு பற்றியே வழக்குப் போனது தெரியுமா? ஊபர் சாரதிகள் போட்ட வழக்கு, 2021 பெப்ரவரியில் அந்த நாட்டு ஆக உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாரதி தன் அனுமதி உள்ள பகுதிக்குள் செயலியைத் திறந்து, சவாரி எடுக்கத் தயாராக நிற்கும் நேரமும் வேலை நேரம்தான், ஆளை ஏற்றி ஓடும் நேரம் மட்டும் இல்லை என்று. அவர்களைத் தொழிலாளராகக் கணக்கெடுத்து ஆகக் குறைந்த ஊதியமும் சம்பளத்தோடு லீவும் உண்டு என்றார்கள். அந்தத் தீர்ப்பு அந்த ஊருக்கு. நான் சேரும்போது போனில் ‘சம்மதம்’ என்று அமத்தினேனே, அதில் என்னைச் சுயமாகத் தொழில் செய்பவன் என்றுதான் எழுதியிருக்கிறது. அமத்தும்போது வாசிக்கவில்லை, பிறகு வாசித்தேன்.

சுயதொழில் என்றால் என்னவென்று போன டிசம்பரில் தெரிந்தது. மழை, இரவு எட்டு மணி, கோட்டைப் பக்கம் மான் ஒன்று குறுக்கே பாய்ந்தது. (டவுன் மான்களை உனக்குத் தெரியும்தானே, ஒருமுறை என் சாப்பாட்டுப் பைக்குள் தலையை விட்டு நாண் ரொட்டியைத் தின்றது.) பிரேக் பிடித்தேன், வழுக்கி விழுந்தேன், மானுக்கு ஒன்றும் இல்லை, எனக்கு மணிக்கட்டு. பைக்குக்கு இருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அது நான் மற்றவனை இடித்தால் மற்றவனுக்கு. வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கொடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, ஆனால் அதற்கு முதலில் ஒரு முதலாளி வேண்டும். ஒன்பது நாள் வீட்டில். ஒன்பது நாளும் சைபர்.

நல்லது ஒன்றுமே இல்லையா என்றால் இருக்கிறது. மனைவியின் கிளினிக்குக்கு யாரிடமும் லீவு கேட்காமல் போகிறேன். அப்புறம், எங்களோடு ஓடும் ஒரு பெடியன் பகலில் அரச அலுவலகத்தில் வேலை, இரவு ஆறரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் மட்டும் ஓடுகிறான். அந்த மூன்று மணித்தியாலத்தில் காத்திருப்பே கிடையாது, ஐந்து ஓடர், 1,150 ரூபாய், பெற்றோலும் தேய்மானமும் கழித்தால் கிட்டத்தட்ட 750. மணிக்கு 250. என் 157ஐவிட எவ்வளவோ மேல். பின்னேர வெயிலில் வெறுமையாக நிற்பதை எங்களிடம் விட்டுவிட்டு, சூடான நேரத்தை மட்டும் அவன் எடுக்கிறான். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை, கொஞ்சம் பொறாமை.

அதனால் பெடியனை வேலையை விட வேண்டாம் என்று சொல்லு. ஆசையென்றால் இரவில் மூன்று மணித்தியாலம் ஓடிப் பார்க்கட்டும், இரண்டு மாதம், கொப்பி வைத்து. செயலியைத் திறந்த நேரம், மூடிய நேரம், பைக் மீற்றர், ஓடர் எண்ணிக்கை, இந்த நாலும் எழுதினால் போதும். அதற்குப் பிறகும் விடத்தான் போகிறான் என்றால், பிரதேச செயலகத்தில் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றிக் கேட்டு அதிலாவது சேரச் சொல்லு. நான் இன்னும் சேரவில்லை, வெட்கம்தான், போன மாதம் படிவம் எடுத்து வந்து அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

கொப்பியின் ஜூலைப் பக்கத்தையும் டிசம்பர்ப் பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். டிசம்பரில் ஒன்பது வரி வெறுமையாக இருக்கும், எழுத மறந்தேன் என்று நினைக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லு.

கராஜ்காரன் கூப்பிடுகிறான்.

அன்புடன்,
உன் பழைய ஸ்ரோர்காரன்
திருகோணமலை