பம்பாய் பி-யா, பழனி பி-யா

மல்லி,

எப்படி இருக்க? மாமா முட்டி வலி இப்ப தேவலையா? உன் மெசேஜ் வந்து பத்து நாள் ஆச்சு, வாய்ஸ் போட்டா பாதில விட்டுருவேன்னுதான் உக்காந்து எழுதுறேன். நீ கண் ஆஸ்பத்திரிக்கு இன்சார்ஜ் சிஸ்டரா போனது ரொம்ப சந்தோஷம்டி. ஹாஸ்டல்ல நைட் டூட்டி முடிச்சுட்டு மாட்டுத்தாவணில டீ குடிக்கும்போதே சொல்லுவ, கூட்டம் இல்லாத வார்டு வேணும்னு. அது கிடைக்கல, ஆனா டே டூட்டி கிடைச்சிருச்சுல்ல.

நீ கேட்டிருந்த, புதுசா வர்ற பிள்ளைகளுக்கு எதைச் சுருக்கி சொல்லலாம், எதை முழுசா சொல்லணும்னு எப்படி சொல்லித் தர்றன்னு. மூணு மாசத்துக்கு முன்னாடின்னா தெரியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். அப்புறம் எங்க வார்டுல ஒன்னு நடந்துச்சு, அதுல இருந்து இந்த விஷயம் என் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டிருக்கு.

உசிலம்பட்டி பக்கத்து ஆளு ஒருத்தர், அம்பது வயசுக்கு மேல, குடலிறக்கத்துக்கு அட்மிஷன், மறுநாள் காலைல ஒம்பது மணிக்கு தியேட்டர். ராத்திரி எட்டரைக்கு சர்ஜன் போன்ல, வண்டி ஓட்டிக்கிட்டே, "பிடி சிடி பாத்துருங்க"ன்னு சொல்லிட்டாரு. எடுத்தது மேலூர்ப் பிள்ள, சேந்து ரெண்டு மாசம், நல்ல பிள்ள. சொல்லித் தந்தபடியே திருப்பி வாசிச்சா, "சார், பிடி, சிடி." அவரு "ஆமா ஆமா"ன்னுட்டு வச்சுட்டாரு. இவ ஆர்டர் புக்ல எழுதி சைன் போட்டுட்டா. எல்லாம் முறைப்படிதான்.

சர்ஜன் கேட்டது பம்பாய்ல வர்ற பி, அதாவது பிளீடிங் டைம், அப்புறம் க்ளாட்டிங் டைம். பிள்ளைக்கு காதுல விழுந்தது பழனில வர்ற பி, ப்ரோத்ராம்பின் டைம். அவ இதுக்கு முன்னாடி வேலை பாத்தது ஹார்ட் வார்டு, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடுற ஆளுகளுக்கு தினமும் இந்தப் பிடிதான் அனுப்புவாக. சரி, சிடின்னா? சிடின்னா அவளுக்கு ஸ்கேன்தான், வேற என்ன. நீல மூடி ட்யூப்ல கோடு வரைக்கும் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிட்டு, ஸ்கேனுக்கு ஸ்லிப் போட்டுட்டா. அந்த ஆளோட மகன் ராத்திரி பத்து மணிக்கு யார் யாருக்கோ போன் பண்ணி ஸ்கேனுக்கு அட்வான்ஸ் கட்டியிருக்கான்.

காலைல ஆறு மணிக்கு ஸ்கேன் டெக்னீஷியன்தான் கண்டுபிடிச்சாரு. "எந்த எடம் சிஸ்டர்? தலையா வயிறா? காண்ட்ராஸ்ட் உண்டா?"ன்னு கேட்டாரு, ஸ்லிப்ல பதிலே இல்ல. ஸ்கேன்னு ஒருத்தர் உண்மையிலேயே சொல்லியிருந்தா எடத்தையும் சொல்லாம இருக்க மாட்டாரு, அந்த வெத்து எடத்தப் பாத்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. லேப் ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தா பன்னெண்டு செகண்ட் சொச்சம்னு இருக்கு. அங்கதான் முழுசா புரிஞ்சது. பழனி பி-க்கு பதில் செகண்ட்ல வரும், பதினொன்னுல இருந்து பதிமூணு பதிமூன்றரை நார்மல். பம்பாய் பி-க்கு பதில் நிமிஷத்துல வரும், விரல்லயோ காது மடல்லயோ குத்தி, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவ ஃபில்டர் பேப்பர்ல ஒத்தி ஒத்தி, ரத்தம் எப்ப நிக்குதுன்னு பாக்குறது, படிக்கும்போது நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்தி குத்திக்கிட்டோமே அதான். அதுக்கு ட்யூபே வேணாம், லேப் ஆளுதான் கட்டிலுக்கு வரணும். யாரும் வந்து குத்தலன்னு பேஷன்ட்ட கேட்டாலே தெரிஞ்சிருக்கும்.

ஆபரேஷன் மத்தியானம் மூணு மணிக்குத் தள்ளிப் போச்சு. அந்த மனுசன் மொத நாள் ராத்திரி சாப்பிட்டது, தண்ணி கூட இல்லாம படுத்திருந்தாரு. அட்வான்ஸ் திரும்பக் கிடைக்க ரெண்டு நாள். உயிருக்கு ஒன்னும் இல்ல, ஆனா அந்தப் பையன் கவுண்டர் கவுண்டரா நின்னத பாத்துட்டு எனக்கு சோறு எறங்கல மல்லி.

எல்லாரும் பிள்ளையத்தான் வஞ்சாங்க, கவனமா கேக்கலன்னு. நான் ஒத்துக்கல. அவ கேட்டா, எழுதினா, திருப்பியும் வாசிச்சா. தப்பு எங்க இருக்குன்னு யோசிச்சா, திருப்பி வாசிக்கும்போது அதே ரெண்டு எழுத்தத்தான் வாசிச்சா. கேக்குறப்ப ரெண்டு அர்த்தம் இருந்த சத்தம், வாசிக்கிறப்பவும் ரெண்டு அர்த்தத்தோடதான் இருக்கும், சர்ஜன் தன் அர்த்தத்துக்கு ஆமான்னாரு, இவ தன் அர்த்தத்துக்கு ஆமான்னு எடுத்துக்கிட்டா. "சார், பிளீடிங் டைம், க்ளாட்டிங் டைம்தான?"ன்னு ஒரு வாட்டி விரிச்சு வாசிச்சிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். இப்ப எங்க வார்டுல அதுதான் விதி, சுருக்கமா வந்த ஆர்டர முழுசா விரிச்சுத்தான் திருப்பி வாசிக்கணும், விரிக்கத் தெரியலன்னா அது என்னன்னு அப்பவே கேட்டுறணும், கேக்குறதுக்கு யாரும் வையக்கூடாது.

இன்னொன்னும் இருக்கு, அது நம்ம நாக்கு சம்பந்தப்பட்டது. நம்ம எழுத்துல பம்பாய்க்கும் பழனிக்கும் ஒரே ப தான். டெல்லிக்கும் டிக்கெட்டுக்கும் ஒரே ட தான். இங்கிலீஷ்காரன் போன்லயே பி, டி எல்லாம் குழம்புதுன்னு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வார்த்தை வச்சிருக்கான், நமக்கு அது டபுளா குழம்புது. பிளீடிங் டைமும் பிடி, ப்ரோத்ராம்பின் டைமும் பிடி, ரெண்டு வேளை மாத்திரையும் பிடி, பிசியோதெரபிக்கு அனுப்புறதும் பிடி. நாலையும் தமிழ்ல எழுதிப் பாரு, ஒரு புள்ளி வித்தியாசம் இருக்காது. இதுல எங்க பழைய சர்ஜன்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி பிடின்னா பிளீடிங் டைம், புதுசா படிச்சு வர்றவங்க அந்த டெஸ்ட்டால பெருசா பிரயோஜனம் இல்லன்னு விட்டுட்டாங்க, அவங்க பிடின்னா ப்ரோத்ராம்பின்தான். ஒரே வார்டு, ஒரே சத்தம், யார் பேசுறாங்கங்கறத பொறுத்து வேற டெஸ்ட்.

அதனால நான் பிள்ளைகளுக்கு சொல்றது ஒன்னே ஒன்னுதான். ஒரு சுருக்கத்த வாயால சொல்றதுக்கு முன்னாடி, இந்த ஆஸ்பத்திரிக்குள்ள இதே சத்தத்துல வேற ஏதாவது இருக்கான்னு பாரு. ஈசிஜி, ஐசியூ, இதுக்கெல்லாம் வேற ஆள் கிடையாது, எழுத்தாவே சொல்லிட்டுப் போ, ஈசிஜிய எலக்ட்ரோகார்டியோகிராம்னு சொன்னா எமர்ஜென்சில நேரம்தான் போகும். அதே சத்தத்துல வேற ஒன்னு இருந்துச்சுன்னா முழுசா சொல்லு. முழுசா சொல்ல வாய் வரலன்னா ஊர்ப்பேரு சேத்து சொல்லு, பம்பாய் பி, பழனி பி, மதுரை எம், நத்தம் என்.

எழுத்து எழுத்தா சொல்றதா, ஒரு வார்த்தையா சேத்து சொல்றதாங்கறதும் இப்படித்தான். பச்சக் குழந்தைங்க ஐசியூவ நிக்யூங்கறாங்க, மெடிக்கல் ஐசியூவ மிக்யூங்கறாங்க, நடுவுல உயிரெழுத்து இருக்குல்ல, அதான் வாய்க்கு வார்த்தையா வந்துருது. சொல்ல சுளுவா இருக்கு, ஆனா லிஃப்ட் பக்கத்துல நின்னு போன்ல கேட்டா நிக்யூவும் மிக்யூவும் ஒன்னுதான். வார்த்தையா சுருக்குனா நீளம் குறையும், கூடவே வித்தியாசமும் குறையும். அதனால போன்ல மட்டும் "குழந்தை ஐசியூ"ன்னே சொல்லச் சொல்லியிருக்கேன், இப்ப டாக்டருங்களும் அப்படியே சொல்றாங்க.

வார்த்தையா சொல்றதுல இன்னொரு சங்கடம், பக்கத்துல நிக்கிற சொந்தக்காரங்க. ஹார்ட் பைபாஸ் ஆபரேஷனோட நாலு எழுத்தையும் சேத்து டாக்டர்மார் "கேபேஜ்"ம்பாங்க, உனக்குத் தெரியும். ஒரு தடவ ரவுண்ட்ஸ்ல அத கேட்டுட்டு ஒரு அம்மா என் கையப் பிடிச்சு, "எம்புருசனுக்கு முட்டைக்கோஸு குடுக்கக் கூடாதாம்மா"ன்னு கேட்டாங்க. கண்ணெல்லாம் கலங்கி இருந்துச்சு அவங்களுக்கு. அப்பயிருந்து கட்டில் பக்கத்துல பைபாஸ்னு மட்டும்தான் நான் சொல்றது, அது எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை.

இப்ப உன் எடத்துக்கு வர்றேன். உனக்கு ஓடிதான்டி பெரிய ஆபத்து. எங்க வார்டுல ஓடின்னா தினம் ஒரு வேளை. கண் பக்கம் ஓடின்னா வலது கண்ணு, லத்தீன்ல ஓக்குலஸ் டெக்ஸ்டர். வெளிநாட்டுல மருந்துத் தப்புகள சேகரிச்சு வச்சிருக்கவங்க இத தனியாவே குறிச்சு வச்சிருக்காங்க, ஒரு வேளைக்குன்னு எழுதுன ஓடிய வலது கண்ணுன்னு எடுத்துக்கிட்டு, குடிக்கிற மருந்த கண்ணுல விட்டிருக்காங்களாம். உங்ககிட்ட ஜெனரல் ஆஸ்பத்திரில இருந்து மாறி வர்ற பிள்ளைக நிறைய இருக்கும், அதுகளுக்கு ஓடி பழகினது ஒரு வேளையாத்தான். சொட்டு மருந்துக்கு "ஓடி பிடி"ன்னு யாராவது சொன்னா, வலது கண்ணுல ரெண்டு வேளையா, இல்ல முதல்ல ஒரு வேளை அப்புறம் ரெண்டு வேளையா? கண்ணுக்கு ரைட், லெஃப்ட்னு முழுசா சொல்ல வை, வேளைய தமிழ்லயே சொல்ல வை, காலைல ஒன்னு, ராத்திரி ஒன்னுன்னு. பேஷன்ட்டும் கேட்டுக்குவாரு, அவரே திருத்துவாரு.

ஆபரேஷன் எந்தக் கண்ணுலங்கறதுக்கு மார்க் போடுறீங்கல்ல, அது தியேட்டருக்கு. வார்டுல சொட்டு மருந்து விடும்போது அந்த மார்க்க யாராவது பாக்குறாங்களான்னு ஒரு நாள் நின்னு பாரு. பாத்துட்டு எனக்கு எழுது.

அந்த மேலூர்ப் பிள்ளைக்கு தை மாசம் கல்யாணம். பத்திரிகைல மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி நாலு எழுத்துல படிப்பு போட்டிருக்கு, "அக்கா இத விரிச்சு வாசிக்கவா"ன்னு கேட்டு சிரிச்சா. சித்திரைத் திருவிழாவுக்காவது வந்துரு, போன தடவ மாதிரி ஆத்துக்குள்ள தேட விட்டுறாத. தல்லாகுளம் பக்கம் நான் நிக்கிறேன்.

உன் பழைய ரூம்மேட்,
செல்வி