உணவு அட்டைக்கு முன் ஒரு கேள்வி

ஆசிரியருக்கு,

சம்பளத்தின் ஒரு பகுதியை உணவு அட்டையாகப் பெற்று வரியைக் குறைக்கலாம் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். 2024-25 நிதியாண்டைப் பொறுத்தவரை இது பழைய வரி முறைக்கு மட்டுமே பொருந்தும். ஒரு வேளைக்கு 50 ரூபாய் வீதம், தினம் இரண்டு வேளை, மாதம் 22 நாள் என்றால் ஆண்டுக்கு 26,400 ரூபாய்க்கு விலக்கு. 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு மிச்சம், செஸ்ஸையும் சேர்த்து, சுமார் 5,490 ரூபாய். புதிய முறையிலோ ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. எதையும் தேர்வு செய்யாதவர் தானாகவே புதிய முறைக்குள் வந்துவிடுவார் என்பதுதான் சிக்கல்.

நான் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிய முறையில் இருந்துகொண்டே உணவு அட்டை கேட்டு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடித்த வரி அப்படியே இருக்கும். கையில் வரவேண்டிய பணம் மட்டும் உணவகத்திலும் மளிகைக் கடையிலும்தான் செல்லும் அட்டைக்குள் போய் உட்கார்ந்துவிடும். பயணப்படியும் அப்படித்தான்: மாதம் 1,600 ரூபாய் விலக்கு 2018-லேயே பொதுவாக நீக்கப்பட்டுவிட்டது. பார்வையற்ற, காது கேளாத வாய் பேசாத, கால் குறைபாடு உள்ள ஊழியர்களுக்கான மாதம் 3,200 ரூபாய் விலக்கு மட்டும் 2024-25-இல் புதிய முறையிலும் இருந்தது; அதைத்தான் பலரும் கேட்டு வாங்குவதில்லை. எனவே, உணவு அட்டை விண்ணப்பத்தின் முதல் கேள்வியாக ‘எந்த வரி முறை?’ என்பதை நிறுவனங்கள் அச்சிட வேண்டும்.

ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்