20 சதவீதம் சரிந்தால் விலை எத்தனை சதவீதம் ஏறும்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நாணய மதிப்புச் சரிவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'பணம் 20 சதவீதம் சரிந்தால் இறக்குமதிப் பொருள்களும் 20 சதவீதம் விலை ஏறும்' என்று ஒரு வரி இருந்தது. இறக்குமதி நிறுவனங்களில் நெடுங்காலம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் திருத்த விரும்புகிறேன்.

மாற்று விகிதம் என்பது ஒரு நாட்டுப் பணத்துக்கு இன்னொரு நாட்டுப் பணத்தில் சொல்லப்படும் விலை. வாங்க ஆள் கூடினால் ஏறும், விற்க ஆள் கூடினால் இறங்கும். உள்நாட்டுப் பணத்தை எளிமைக்காக ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். ஒரு டாலர் 80 ரூபாயாக இருந்து 100 ரூபாய் ஆகிறது. முன்பு ஒரு ரூபாய்க்கு ஒன்றேகால் சென்ட் கிடைத்தது, இப்போது ஒரு சென்ட்தான். ஆக, ரூபாயின் மதிப்பு சரிந்தது 20 சதவீதம். ஆனால் 80 கொடுத்த இடத்தில் 100 கொடுக்கிறோமே, அந்தக் கூடுதல் 25 சதவீதம். இரண்டும் ஒரே நிகழ்வைத்தான் சொல்கின்றன. செய்தியில் வருவது பெரும்பாலும் முதல் எண். இறக்குமதியாளரின் பணப்பையைத் தொடுவது இரண்டாவது.

அப்படியானால் கடையில் விலை 25 சதவீதம் ஏறுமா என்றால், அதுவும் இல்லை. கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 100 டாலர் அடக்கமாகும் ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். பழைய விகிதத்தில் அது 8,000 ரூபாய். சுங்கவரி 10 சதவீதம் என்றால் 800. அதன்மேல் கிடங்கு வாடகை, லாரி, சம்பளம், லாபம் எல்லாமாக 3,200. விற்பனை விலை 12,000. புதிய விகிதத்தில் மோட்டார் 10,000 ஆகிறது. வரி விகிதத்தை யாரும் கூட்டவில்லை, ஆனாலும் வரி 1,000 ஆகிவிடுகிறது. உள்நாட்டுப் பணத்தில் போட்ட மதிப்பின் மீதல்லவா அது கணக்கிடப்படுகிறது! வாடகையும் சம்பளமும் உடனே மாறாது. மொத்தம் 14,200, அதாவது சுமார் 18 சதவீத ஏற்றம். உள்நாட்டுச் செலவு குறைவாக உள்ள கச்சாப் பொருள்களில் ஏற்றம் 25-ஐ நெருங்கும். சந்தையை இழக்க விரும்பாத வெளிநாட்டு விற்பனையாளர் டாலர் விலையைச் சற்றுக் குறைத்தால் ஏற்றமும் குறையும்.

'பழைய சரக்குக்கு ஏன் புது விலை?' என்று கட்டுரையாளர் வணிகர்களைச் சாடியிருந்தார். கோபம் நியாயமானதே, ஆனால் எல்லோர் மீதும் அல்ல. இறக்குமதியில் 90 நாள் கடன் சாதாரணம். சரக்கு வந்து, 12,000 ரூபாய்க்கு விற்றும் முடிந்திருக்கும். பணம் அனுப்பும் நாளில் வங்கி 100 ரூபாய் விகிதம் சொல்லும். 8,000 என்று நினைத்திருந்த பாக்கி 10,000 ஆகி நிற்கும். அந்த 3,200-இல் அவருடைய லாபம் 1,000 ரூபாய்தான் என்றால், விற்ற ஒவ்வொரு மோட்டாருக்கும் 1,000 ரூபாய் கைநஷ்டம். இந்த அடி விழும் என்று தெரிந்தவர் கிடங்கில் மீதமிருக்கும் சரக்குக்கு விலை ஏற்றுவதைப் பேராசை என்று மட்டும் சொல்ல முடியாது. வேறு சிலர், பணம் கட்டும் நாளுக்கான விகிதத்தை வங்கியோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு நிர்ணயித்துவிடுவார்கள். அவர்களுக்கு அந்தச் சரக்கில் சரிவின் பாதிப்பே இல்லை. அவர்களும் அன்றே விலை ஏற்றினால் தாராளமாகச் சாடுங்கள்.

கட்டுரை தொடாத ஒன்றும் உண்டு. பொருளை விற்கும் நாட்டின் பணமும் நம்முடையதைப் போலவே சரிந்திருந்தால் விலை ஏறக்கூடாதே என்று பலர் கேட்பார்கள். அந்த நாட்டு விற்பனையாளரும் பெரும்பாலும் டாலரில்தான் பில் போடுகிறார். டாலர் விலையை அவர் மாற்றும்வரை, டாலருக்கு எதிரான நம் விகிதம்தான் நம் செலவைத் தீர்மானிக்கும்.

இந்த ஏற்றம் முழுதாக வெளியே தெரிய எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு பிரிட்டன் நல்ல சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று 2016 ஜூன் 23 அன்று அங்கே நடந்த வாக்கெடுப்பில், விலகுவது என்ற முடிவு வெளிவந்ததும் பவுண்டு கடுமையாகச் சரிந்தது. அந்த ஜூனில் அங்கே ஆண்டுப் பணவீக்கம் 0.5 சதவீதம். அது 3.1 சதவீதத்தைத் தொட்டது 2017 நவம்பரில். கையிருப்புச் சரக்கும் பழைய ஒப்பந்தங்களும் தீரத் தீர, விலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏறின.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்