இரண்டு நாள் பொறு, மச்சான்

கல்லடி,
பொங்கலுக்கு மறுநாள்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல்நாள் வந்தது. மூன்று மாதம் மகளோடு கனடாவில் இருந்துவிட்டுத் திருக்கோவில் வீட்டைத் திறந்தபோது முகத்தில் அடித்த பூஞ்சண நாற்றத்தை நீ எழுதியிருந்த விதத்தில் எனக்கே தும்மல் வந்தது. இங்கே குறைவில்லை. முழங்கால் வலி மழைக்குக் கூடியது, இப்போது தணிந்திருக்கிறது. கடையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டேன். ஆனாலும் பழுதான ரீவியோடு யாராவது வாசலில் நின்றால் என்னால் உள்ளே இருக்க முடிவதில்லை.

அதனால் உன் ரீவியைப் பற்றித்தான் முதலில் எழுதுகிறேன். திரையின் கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெண்புகை போல மூட்டம், பின்புறத் துளைகளில் எறும்பு வரிசை. "கொஞ்ச நேரம் போட்டுவிட்டால் அதன் சூட்டிலேயே காய்ந்துவிடாதா?" என்று கேட்டிருக்கிறாய். போடாதே. பிளக்கைக் கழற்று, கூரைக்கு ஏறும் அன்டெனா கேபிளையும் கழற்று. சுவிட்சை மட்டும் அணைத்து வைப்பது போதாது.

நீ சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. தினமும் ஓடும் ரீவி தன் சூட்டினால்தான் உலர்ந்திருக்கிறது. ஆனால் ஈரமாகத் தொடங்கும் ரீவிக்கு அந்தச் சூடு வருவதற்குப் பல நிமிடம் பிடிக்கும். மின்சாரமோ முதல் நொடியிலேயே வந்துவிடும். சுவரில் 230 வோல்ட் என்றால், உள்ளே பவர் போர்டில் அது நேர்மின்னாக மாறி 320 வோல்டுக்கு மேல் நிற்கும். அந்த அழுத்தத்தில் இருக்கும் இரண்டு ஈயப் பற்றுகளுக்கு இடையில் நீர்ப்படலமும் உப்பும் இருந்தால் மின்சாரம் அதன் வழியே நடந்துபோகும்.

உப்பை ஏன் இழுக்கிறேன் என்றால், நம் ஊரில் விஷயமே அதில்தான் இருக்கிறது. வாடைக்காற்று கடலிலிருந்து கொண்டுவரும் உப்புத்தூள் போர்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். சமையலறையில் உப்புப் போத்தல் கசியும் நாட்களை உன் மனைவியிடம் கேள், அந்த நாட்களில் ரீவிக்குள்ளும் அதே கசிவுதான். மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தத் தொல்லை குறைவு.

மூன்று வருடத்துக்கு முன் நாவலடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த ரீவி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வீட்டை ஆறு வாரம் பூட்டிவிட்டு வந்து, வந்த அன்றே போட்டிருக்கிறார்கள். பத்து நிமிடம் படம் தெரிந்ததாம். பிறகு உள்ளே டிக், டிக் என்று சத்தம், சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது, கருகிய வாடை, அதோடு இருள். திறந்து பார்த்தேன். பெரிய கண்டென்சரின் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அதன் கால்களுக்கு நடுவே கருகிய எறும்புகள் ஏழெட்டு, ஒன்றையொன்று பிடித்தபடி பாலம் கட்டியதைப் போல. போர்டை அல்ககோலும் பல்துலக்கும் தூரிகையும் கொண்டு கழுவி, உருகியையும் இரண்டு பாகங்களையும் மாற்றியதும் உயிர் வந்தது. ஆனால் திரையின் கீழ் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய நாடாக்களில் ஒன்று அரித்துப்போயிருந்தது. அந்த இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு நிலைத்துவிட்டது. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

இனி நீ செய்யவேண்டியது. முதலில் உலர்ந்த துணியால் திரையைத் துடைத்துப் பார். மூட்டம் அழிந்தால் அது வெளியே படிந்த பனி, கவலையில்லை. அழியாவிட்டால் உள்ளே. ரீவியை நிமிர்ந்த நிலையிலேயே தூக்கு. கட்டிலில் கிடத்தாதே, கிடத்தினால் கீழே தங்கிய நீர் திரைத் தாள்களுக்குள் ஓடிவிடும். வெயிலில் வைப்பது, தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டுவது, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்துவது, இந்த மூன்றையும் யார் சொன்னாலும் கேட்காதே. முதல் இரண்டும் தாள்களை நெளிய வைக்கும். மூன்றாவதால் அரிசிக்கு மட்டுமே கெடுதல்.

மின்விசிறி மட்டும் போதுமா என்றால், இந்த மழைக்காலத்தில் போதாது. வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது விசிறி அந்த ஈரத்தைத்தான் சுழற்றும். உன் படுக்கையறையில் ஏசி இருக்கிறதல்லவா? அங்கே நிறுத்தி, கதவு யன்னலைச் சாத்தி, ஏசியை நீர்த்துளிப் படம் போட்ட உலர் நிலையில் ஓடவிடு. விசிறி பின்புறத் துளைகளை நோக்கி மெல்ல வீசட்டும். இரண்டு நாள். மூட்டம் கண்ணுக்கு மறைந்த பிறகும் இன்னொரு நாள், ஏனென்றால் திரை காய்ந்தாலும் போர்டின் அடிப்பக்கம் காயாமல் இருக்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏசி அறையில் குளிர்ந்த ரீவியை நேரே கூடத்துக்குக் கொண்டுவந்தால் மறுபடி வியர்க்கும். காற்று 30 பாகை, ஈரப்பதம் 80 என்றால் ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளிலும் நீர் படியும். ஆகவே ஏசியை அணைத்து, கதவைத் திறக்காமல் நாலு மணி நேரம் விடு. அறையும் ரீவியும் ஒன்றாகச் சூடேறட்டும்.

எறும்புக்கு மருந்து அடிக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். துளைக்குள் அடிக்காதே. அந்த நீர்மம் போர்டில் படியும், வாயு தீப்பிடிக்கும், எறும்போ இன்னும் உள்ளே போகும். வரிசை வரும் வழியில், சுவரோரம் எறும்புப் பொறியை வை. பிளக் கழன்று உள்ளே சூடு அடங்கினால் பாதி எறும்பு தானாகவே இடம் மாறும். திரைக்குள் சிறு பூச்சி ஊர்ந்தாலும் விரலால் அழுத்தாதே. நசுங்கினால் அந்தக் கறை ரீவி இருக்கும் வரை இருக்கும். ரீவியை அணைத்து, அறையை இருட்டாக்கி, பக்கத்தில் ஒரு விளக்கை ஏற்றி வை. வெளிச்சம் தேடி அதுவே வந்துவிடக்கூடும்.

போடும் நாள் பகலாக இருக்கட்டும். ஒருவர் சுவர்ச் சுவிட்சில் கை வைத்து நிற்க, பத்து நிமிடம் காதும் மூக்கும் திறந்திருக்கட்டும். டிக் சத்தமோ வாடையோ வந்தாலும், வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலும் அத்தோடு நிறுத்து. சுவிட்சைத் திரும்பத் தூக்காதே. திரையில் கோடு தெரிந்து சற்று நேரத்தில் மறைந்தால் ஈரம் இன்னும் மிச்சம், அணைத்துவிட்டு மறுபடி உலர்த்து. மறையாவிட்டால் அரிப்பு. பின்மூடியை மட்டும் நீ திறக்காதே. பிளக் கழன்ற பிறகும் அந்தப் பெரிய கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும், கைதேர்ந்தவர்களையே அது தூக்கிப் போட்டிருக்கிறது.

இன்னொன்று. உன் மனைவி பின்னிய அந்தப் பூவேலைத் துணியையும் அதன் மேல் பொலித்தீன் உறையையும் எடுத்துவிடச் சொல். அடிவாங்கப் போவது நான்தான், பரவாயில்லை. உறைக்குள் அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லை. கடலைப் பார்த்த வெளிச்சுவரில் ஒட்டி மாட்டியிருந்தாயே, அந்தச் சுவர் மழையில் நனைந்து உள்ளே வியர்க்கிறது. உட்சுவருக்கு மாற்று, பின்னால் ஒரு சாண் இடைவெளி விடு. அடுத்த முறை வீட்டைப் பூட்டிப் போகும்போது தெரிந்தவர் யாரிடமாவது சாவியைக் கொடுத்து, வாரம் இரண்டு தடவை, மழையில்லாத மதியத்தில் யன்னலைத் திறந்து அரை மணி நேரம் ரீவியைப் போடச் சொல். ஈரம் சேரும் முன்னரே ஓடவிட்டால்தான் நீ சொன்ன அந்தச் சூடு உதவும்.

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். எறும்பு அரித்த இடம் போர்டில் இருக்கிறதா என்று நானே திறந்து பார்க்கிறேன், திருகாணி முறுக்கியும் தூரிகையும் என் பையில் வரும். அதுவரை ரீவி அந்த அறையிலேயே நிற்கட்டும். நண்டு கிடைத்தால் வாங்கி வை.

உன்,
கல்லடிப் பழைய ரீவிக்காரன்