22/7-க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் 15

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் ஒரு வரி உறுத்தியது. 22/7 பள்ளிப் பிள்ளைகளுக்கான தோராயம், துல்லியம் வேண்டுமானால் 3.14 என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பின்னம் என்றால் பழைய காலத்துச் சமாசாரம், தசமப் புள்ளி இருந்தால் துல்லியம் என்று ஓர் எண்ணம் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒரு கழித்தல் போட்டுப் பார்த்தாலே போதும். பையின் மதிப்பு 3.14159265... என்று போகிறது. 3.14 அதைவிட 0.00159 குறைவு. 22/7 என்பது 3.142857..., பையைவிட 0.00126 அதிகம். ஆக, பைக்கு நெருக்கமாக இருப்பது 22/7-தான். அதுவும், 3.14-ஐப் பின்னமாக எழுதினால் 157/50. பகுதியில் 50 இருந்தும் எட்டாத இடத்தை வெறும் 7 எட்டிவிட்டது.

இரண்டுமே தோராயம்தான், அதில் சந்தேகமில்லை. பை ஒரு விகிதமுறா எண், எந்தப் பின்னமும் அதற்குச் சமமாகாது. (இதை 1760-களில் முதலில் நிறுவியவர் லாம்பெர்ட். அவர் கையாண்ட கருவியும் நான் கீழே சொல்லப்போகும் தொடர் பின்னம்தான்.) கேள்வி என்னவென்றால், இவ்வளவு சிறிய பின்னம் எப்படி இவ்வளவு நெருங்கி வந்தது? பகுதியில் 7 உள்ள பின்னங்கள் எண்கோட்டில் ஏழில் ஒரு பங்கு இடைவெளி விட்டு நிற்கின்றன. எனவே எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கு மிக அருகில் உள்ள பின்னம், மோசமான நிலையில், பதினான்கில் ஒரு பங்கு, அதாவது 0.071 தள்ளி இருக்கலாம். 22/7 விலகியிருப்பதோ 0.00126. ஐம்பது மடங்குக்கு மேல் நெருக்கம். இதைத் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தத் தற்செயல் எந்த இடத்தில் நடந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

1/x பொத்தான் உள்ள கால்குலேட்டர் ஒன்று போதும். பையிலிருந்து முழு எண் 3-ஐக் கழித்தால் மிச்சம் 0.14159265. அதைத் தலைகீழாக்கினால் 7.0625 வருகிறது. 7-ஐக் குறித்துக்கொண்டு, மிச்சமுள்ள 0.0625-ஐ மறுபடி தலைகீழாக்கினால் 15.9966. (திரையில் இருக்கும் இலக்கங்களை எல்லாம் அப்படியே விட்டுவைத்துத் தொடர வேண்டும். நான் சுருக்கி எழுதுகிறேன்.) 15-ஐக் குறித்துக்கொண்டு மிச்சத்தைத் தலைகீழாக்கினால் 1.0034. அதில் 1 போக மிச்சம் மிகச் சிறியது. அதைத் தலைகீழாக்கியதும் திடீரென்று 292.63 என்று ஒரு பெரிய எண் வந்து நிற்கும். இப்படிக் குறித்துக்கொண்ட 3, 7, 15, 1, 292 என்ற வரிசைதான் பையின் தொடர் பின்னத்தின் தொடக்கம்.

வரிசையிலிருந்து பின்னம் எடுப்பதும் சுலபம்தான். முதல் பின்னம் 3/1. அடுத்தது 3-உம் ஏழில் ஒன்றும் சேர்ந்தது, அதாவது 22/7. அதற்கப்புறம் ஒரே விதிதான்: வரிசையின் புதிய எண்ணால் கடைசிப் பின்னத்தின் தொகுதியைப் பெருக்கி, அதற்கு முந்தைய பின்னத்தின் தொகுதியைக் கூட்ட வேண்டும். பகுதிக்கும் அதே கணக்கு. 15-க்கு, 22×15+3 = 333, 7×15+1 = 106, ஆக 333/106. அடுத்து 1-க்கு, 333+22 = 355, 106+7 = 113. 5-ஆம் நூற்றாண்டுச் சீனத்தின் சூ சோங்ஜி சொன்ன 355/113 இதுதான். இதற்கும் பைக்கும் உள்ள வித்தியாசம் 0.00000027.

இப்போது 7-க்கு வருவோம். 22/7 என்று எழுதும்போது 7.0625-ஐ 7 என்று வைத்துக்கொண்டோம். நாம் தூக்கிப்போட்டது 0.0625, அதாவது ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு. அது அவ்வளவு சிறியதாக இருந்ததால்தான் அதைத் தலைகீழாக்கியதும் 15 என்ற பெரிய எண் வந்தது. வரிசையில் பெரிய எண் வருகிறது என்றால், அதற்கு முன் நிறுத்தியவர் கிட்டத்தட்ட எதையும் இழக்கவில்லை என்று பொருள். எவ்வளவு இழந்தார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பகுதியின் வர்க்கத்தை வரிசையின் அடுத்த எண்ணால் பெருக்கி, 1-ஐ அதால் வகுத்தால் வருவதைவிடப் பிழை குறைவாகவே இருக்கும். 22/7-க்கு 49×15 = 735, 1/735 என்பது 0.00136. உண்மைப் பிழை 0.00126. 355/113 அவ்வளவு அபாரமாக இருப்பதற்கும் இதே காரணம்தான், அடுத்து வருவது 292.

7 என்ற எண்ணில் மகிமை ஒன்றும் இல்லை என்பதை இன்னோர் எண்ணில் பார்த்துவிடலாம். இயல் மடக்கையின் அடிமானமான e, அதாவது 2.71828..., அதன் வரிசை 2, 1, 2, 1, 1, 4 என்று போகும். மேலே சொன்ன விதிப்படி போட்டால் 2, 3, 8/3, 11/4, 19/7 என்று வரும். அதே 7. ஆனால் 19/7-இன் பிழை 0.0040, 22/7-ஐப்போல் மூன்று மடங்கு. இங்கே 7-க்குப் பின் நிற்பது 15 அல்ல, 4. பொன் விகிதம் இன்னும் மோசம். அதன் வரிசை முழுக்க 1, 1, 1 என்றே போகிறது. எங்கே நிறுத்தினாலும் நல்ல பேரம் படியாது. பகுதியில் 8 உள்ள 13/8 அதற்கு 0.007 தள்ளி நிற்கிறது.

22/7-ஐ எந்தப் பின்னம் முதலில் மிஞ்சுகிறது என்று தேடினால் பகுதி 57 வரை போக வேண்டியிருக்கிறது. 179/57-இன் பிழை 0.00124, மயிரிழையில்தான் ஜெயிக்கிறது. இதுவும் அதே விதியில் வருவதுதான், 15-ஐ முழுதாக எடுக்காமல் 8 மட்டும் எடுத்தால் 22×8+3 = 179, 7×8+1 = 57. 10 எடுத்தால் 223/71. 96 பக்கப் பலகோணத்தை வைத்துக்கொண்டு, பை 223/71-க்கும் 22/7-க்கும் இடையில் இருக்கிறது என்று ஆர்க்கிமிடீஸ் காட்டியது நினைவிருக்கலாம். அவர் சொன்ன இரண்டில் 223/71-தான் பைக்கு நெருக்கம், ஆனால் அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. பகுதி பத்து மடங்கு பெருத்தும் பிழை பாதியளவுக்குக்கூட இறங்கவில்லை என்றால் ஏன் செய்யப் போகிறார்கள்? 355/113-இன் ஆட்சி இன்னும் நீளம். அதை மிஞ்ச பகுதி 16604 ஆக வேண்டும்.

ஏன் 15, ஏன் 292 என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. e-யின் வரிசையில் 4-க்குப் பின் 1, 1, 6, 1, 1, 8 என்று ஓர் ஒழுங்கு தெரிகிறது. பையின் வரிசையில் அப்படி எந்த ஒழுங்கும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

வாசகர்கள் தாங்களே செய்து பார்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறை தலைகீழாக்கும்போதும் தொடக்கத்தில் விட்ட சிறு பிழை ஊதிப் பெரிதாகும். 3.14159265 என்று எட்டு இலக்கம் மட்டும் அடித்துத் தொடங்கினால் 292 வரவேண்டிய இடத்தில் 288 வரும். 3.1416 என்று தொடங்கினால் கதையே வேறு. 3, 7-க்கு அப்புறம் 15-க்குப் பதில் 16 வந்துவிடும், பிறகு 11, அத்தோடு வரிசை முடிந்துபோகும். 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரியபட்டர், 20000 விட்டமுள்ள வட்டத்துக்குச் சுற்றளவு ஏறத்தாழ 62832 என்றார் அல்லவா, அதே 3.1416. சுருக்கினால் 3927/1250. வரிசை முடியும் இடத்தில் இதுதான் வரும். வேடிக்கை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது: 22×16+3 = 355, 7×16+1 = 113. தவறான 16-ஐ வைத்தே 355/113 வந்துவிட்டது. நாம் உள்ளே போட்ட 3.1416-ஐவிட நடுவில் வெளியே வந்த பின்னம் உண்மையான பைக்கு இருபத்தைந்து மடங்குக்கு மேல் நெருக்கம்! காரணம் இல்லாமல் இல்லை. அந்த இடத்தில் உண்மையில் இருப்பது 15.9966, அது 16-ஐ ஒட்டியே நிற்கிறது.

ஆனால் எப்போதும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. எந்த எண் வரை நம்பலாம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நான்கு இலக்கத்துக்குச் சுருக்கிய 3.1416 என்றால் உண்மை மதிப்பு 3.14155-க்கும் 3.14165-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இரண்டு எல்லைகளுக்கும் தனித்தனியே வரிசை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் 3, 7, 15 என்று வரும், மற்றதில் 3, 7, 16. இரண்டிலும் ஒத்துப்போவது 3, 7 மட்டும்தான், ஆக 22/7 வரைக்கும் அந்த நான்கு இலக்கம் உத்தரவாதம் தருகிறது. 355/113-உம் இந்த வரிசையைச் சேர்ந்ததுதான் என்று இதே முறையில் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் 3.1415927 என்று ஏழு இலக்கமாவது கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்