தீபாவளிக்கு முன் வேலையை விட்டவரின் போனஸ்: நிறுவன நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

"பட்டுவாடா நாளில் பெயர் பதிவேட்டில் இருந்தால்தான் போனஸ்." உங்களில் பலருடைய அலுவலகங்களில் எழுதப்படாத விதி இது. சட்டத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. கணக்காண்டில் 30 வேலை நாட்கள் உழைத்திருந்தால் போதும் என்றது 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம். அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அந்த 30 நாளை மாற்றவில்லை. சம்பளத்துடன் எடுத்த விடுப்பு, லே-ஆஃப் நாட்கள், வேலையில் அடிபட்டுப் படுத்திருந்த நாட்கள், சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு எல்லாம் உழைத்த நாட்களாகவே எண்ணப்படும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். துப்புரவுப் பணியாளர் ஒருவர் 2024 ஜூலை முதல் தேதி சேர்ந்து, 2025 ஜனவரி கடைசியில் நின்றுவிட்டார் என்று வையுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய்; அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியமும் அதுவே. ஏழு மாதச் சம்பளம் 84,000. அதில் 8.33 சதவீதம் 6,997 ரூபாய். லாபம் வந்ததா என்ற கேள்வியே இங்கே எழாது. இது குறைந்தபட்ச போனஸ்.

பெரும்பாலும் இவருக்கு ஒன்றும் போகாது. போனாலும் 4,082 ரூபாய்தான் போகும், ஏனென்றால் கணக்குப் பிரிவு மாதத்துக்கு 7,000 ரூபாயை மட்டும் எடுத்துக்கொள்ளும். 7,000 அல்லது குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது கூடுதலோ அது என்று 2015 திருத்தம் சொல்கிறது. அந்தப் பின்பாதி எப்படித்தான் கண்ணில் படாமல் போகிறதோ!

போனஸ் தகுதிக்கான 21,000 ரூபாய் மாதச் சம்பள உச்சவரம்பிலும் இதே கதைதான். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டித்தான் அந்த வரம்போடு ஒப்பிட வேண்டும். இரண்டும் சேர்ந்து 17,000 வாங்கும் ஒருவர், வீட்டு வாடகைப்படியும் ஓவர்டைமும் சேர்ந்து கையில் 23,500 வாங்கினாலும் தகுதியானவரே. மொத்தச் சம்பளத்தைப் பார்த்து அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறீர்கள்.

வேலையை விட்டவருக்கு போனஸ் மறுக்க ஒரு வழி உண்டு: மோசடி, பணியிடத்தில் வன்முறை, திருட்டு, கையாடல், நாசவேலை போன்றவற்றுக்காக அவரைப் பணிநீக்கம் செய்திருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார் என்பது இந்தப் பட்டியலில் வராது.

கணக்காண்டு முடிந்த எட்டு மாதத்துக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். மார்ச் 31-இல் ஆண்டை முடிப்பவர்களுக்கு அது நவம்பர் 30. 2024-25 சம்பளப் பதிவேட்டை மறுபடி திறந்து, இடையில் நின்றவர்களில் 30 நாளை எட்டியவர்களைத் தனியே எழுதுங்கள். கடைசிச் சம்பளம் போட்ட வங்கிக் கணக்கு எண் உங்களிடமே இருக்கிறது. பாக்கியை அதில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கு எழுதும் ஒருவன்