எந்த வீடியோ, எத்தனையாவது நிமிடம்? சேனல் ஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் உங்களிடமிருந்து மூன்றாவது முறையாக அதே மின்னஞ்சல் வந்தது. என் யூடியூப் கபடி சேனலில் இருப்பது ‘ரீயூஸ்டு கன்டென்ட்’, அதாவது அடுத்தவர் காட்சியைப் பெரிதாக மாற்றாமல் திரும்பப் போட்டது, ஆகவே விளம்பர வருமானம் கிடையாது என்று அதில் இருந்தது. எந்த வீடியோ என்று இல்லை. எந்த இடம் என்றும் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதல் முறை நீங்கள் மறுத்தது சரிதான். அப்போது நான் போட்டுக்கொண்டிருந்தது வெறும் தொகுப்பு. ஊர் ஊராக நடக்கும் போட்டிகளைப் பையன்கள் செல்போனில் எடுத்து அனுப்புவார்கள். அதில் இருபது பிடிகளை வெட்டி ஒட்டி, பின்னால் ஒரு மேளத்தைப் போட்டு, ‘டாப் 20’ என்று பெயர் வைத்தால் ஒரே சாயங்காலத்தில் வேலை முடிந்துவிடும். எடுத்தவர்கள் எல்லோரும் சம்மதம் தந்தவர்கள் என்பதால் சிக்கல் வராது என்று நம்பியிருந்தேன். சம்மதம் காப்புரிமை சம்பந்தப்பட்டது, உங்கள் விதி வேறு என்பது அப்புறம்தான் புரிந்தது. அடுத்தவர் எடுத்த காட்சியில் நான் சேர்த்தது என்ன என்பதே உங்கள் கேள்வி. அன்று நான் சேர்த்தது மேளம் மட்டும்.

அதன் பிறகு முறையை மாற்றினேன். ஒரே ஒரு வீடியோவை எடுத்துச் சொல்கிறேன், பாருங்கள்.

கணுக்கால் பிடி பற்றியது அது. பழைய தொகுப்பில் 22 பிடிகள் இருந்தன. புதியதில் ஐந்துதான், ஒவ்வொன்றும் ஆறேழு வினாடி. ஒன்பது நிமிட வீடியோவில் அடுத்தவர் எடுத்த காட்சி மொத்தமே முக்கால் நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் நாங்கள் எடுத்தது. முதல் பிடியில், பாடிப் போகிறவர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைக்கிற அந்தக் கணத்தில் படத்தை நிறுத்துகிறேன். போனஸ் கிடைக்க வேண்டுமென்றால் பின்கால் தரையில் படக் கூடாது. ஆக, அந்த நொடியில் உடம்பின் மொத்த எடையும் முன்காலில் நிற்கிறது, உந்தித் தப்பிக்க இன்னொரு கால் இல்லை. கார்னர், கவர் என்பவை பிடிக்கிற அணியினர் நிற்கும் இடங்கள். ஓரமாகக் கார்னரில் நிற்பவர் காத்திருந்தது அந்த அரை நொடிக்காகத்தான். இதைத் திரையில் வட்டம் போட்டுக் காட்டி, என் குரலில் சொல்கிறேன். அடுத்து எங்கள் ஊர் மண் களத்தில் என் தம்பியை நிற்க வைத்து, பிடிப்பவர் அரை நொடி முந்திப் போனால் என்ன ஆகும், பிந்திப் போனால் என்ன ஆகும் என்று இரண்டையும் செய்து காட்டுகிறோம். முந்திப் போனால், பாடி வந்தவன் காலை இழுத்துக்கொண்டு, பிடிக்க வந்தவரின் கையைத் தொட்டுவிட்டுப் போய்விடுவான். பிந்தினால் பின்கால் தரைக்கு வந்துவிடும், பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான்.

கடைசியில் ஒரு ரியாக்‌ஷன் பகுதியும் உண்டு. திரையின் மூலையில் முகத்தை வைத்துத் தலையாட்டுவது, வாயைப் பிளப்பது எல்லாம் கணக்கில் வராது என்று உங்கள் விதியைப் படித்தே தெரிந்துகொண்டேன். அதனால் அந்தப் பிடியில் மாட்டிய ஆட்டக்காரரையே உட்கார வைத்தோம். மூன்று இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். “இங்கதான் அண்ணே, நான் கார்னரப் பாக்காம கவரப் பாத்துட்டேன்” என்று அவர் சொல்வதை வேறு எங்கே போய்க் கேட்க முடியும்?

இப்போது ஒவ்வொரு வீடியோவையும் ஏற்றும் முன் ஒரு சோதனை செய்கிறேன். இரவல் காட்சிகளை எல்லாம் எடுத்துவிட்டு, குரலையும் நாங்கள் எடுத்ததையும் மட்டும் ஓட்டிப் பார்ப்பேன். விஷயம் புரிந்தால் அது என் வீடியோ. புரியவில்லை என்றால் திரும்ப உட்கார வேண்டும். இப்படி ஒரு வீடியோவுக்குப் பத்து நாள் ஆகிறது.

30 நாள் பொறுத்து மறுபடி விண்ணப்பித்தேன், மறுத்தீர்கள். பிறகு 90 நாள் காத்திருந்தேன், மறுத்துவிட்டீர்கள். அதே வரிகள்.

ஏன் என்று நானே தேடினேன். சேனலின் முக்கியக் கரு, அதிகம் பார்க்கப்பட்டவை, புதியவை, பார்வை நேரத்தில் பெரும்பங்கு வைத்திருப்பவை, தலைப்பும் விளக்கமும் ஆகியவற்றைப் பார்ப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் என் சிக்கல். கடந்த 12 மாதத்தில் எனக்கு 5,200 மணி நேரம் இருக்கிறது. அதில் 2,900 மணி நேரம் ஒரே ஒரு பழைய தொகுப்பு கொண்டுவந்தது. அதை விட்டுவைத்தால், நீங்கள் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான். அழித்தாலோ மறைத்தாலோ அதன் நேரம் கணக்கிலிருந்து போய்விடும். 2,300 ஆகிவிடுவேன். 4,000 மணி நேரம் இல்லாமல் என் போன்ற நீள வீடியோ சேனல் விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஒன்றரை வருட உழைப்பு அந்த ஒரு வீடியோவின் மேல் நிற்கிறது. குற்றவாளி அதுதானா என்பதுகூட எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரிந்தால் இன்றைக்கே அழித்துவிட்டு மறுபடி நேரம் சேர்க்கத் தொடங்குவேன். தெரியாமல் எப்படி அழிப்பது? எந்த வீடியோ, எத்தனையாவது நிமிடம் என்று ஒரு வரி எழுதினால் போதுமே.

நீங்கள் சொல்லாததால் வேறு ஆட்கள் சொல்லித் தருகிறார்கள். படத்தை இடவலமாகத் திருப்பு, கொஞ்சம் பெரிதாக்கு, வேகத்தைக் கூட்டு, ஓரத்தில் பட்டை போடு, எந்திரத்துக்குத் தெரியாது என்று காசு வாங்கிக்கொண்டு பாடம் நடத்துகிறார்கள். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் அதற்கு இரண்டாயிரம் ரூபாய் கட்டினான். திருப்பிப் போட்ட கபடியில் இடது கார்னர் வலது கார்னர் ஆகிவிடுகிறது, ஆட்டமே பொய்யாகிவிடுகிறது. பார்ப்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை, அவன் சேனலுக்கும் வருமானம் வரவில்லை. இன்னொரு பக்கம், என் குரலோடு சேர்த்தே என் வீடியோவை வெட்டிப் போட்ட சேனல்கள் நான்கு இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்துப் புகார் எழுதுவதும் என் வேலையாகவே இருக்கிறது. உழைத்தவனையும் சுருட்டியவனையும் ஒரே வாசகத்தால் ஒதுக்கினால், உழைப்பவன் எதை நம்பித் தொடர்வான்?

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன்.

மேல்முறையீட்டுக்கு 21 நாள் தந்திருக்கிறீர்கள். அதற்கான வீடியோவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்குள் இருக்கும், முதல் 30 வினாடியில் சேனல் முகவரியைச் சொல்லிவிடுவேன். கணுக்கால் பிடி வீடியோவின் எடிட்டிங் அடுக்குகளைத் திறந்து, எது இரவல், எது எங்களுடையது என்று நிறம் பிரித்துக் காட்டுகிறேன். களத்தில் தம்பியோடு எடுத்த வெட்டாத காட்சியும், நான் குரல் பதிவு செய்யும் இடமும் அதில் வரும். தயவுசெய்து முழுவதும் பாருங்கள்.

பார்த்த பிறகும் மறுப்பதாக இருந்தால் மறுங்கள். ஆனால் பதிலில் எந்த வீடியோ, எத்தனையாவது நிமிடம் என்று மட்டும் குறிப்பிட்டு எழுதுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கபடி சேனல்காரன்